அப்பா அம்மா கல்யாண நாளில் மகள் பேசுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராயபுரத்தில் ஒரு மினி ஹாலில் எங்கள் அப்பா அம்மாவின் 40-வது கல்யாண நாளைக் கொண்டாடினோம். நான் மேடையேறி மூணே முக்கால் நிமிஷம் பேசினேன். சித்தப்பா மகன் அதைப் போனில் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டான். அன்றிலிருந்து தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் என்று எங்கெங்கோ இருக்கும் சொந்தக்காரப் பெண்களும், அவர்களுடைய தோழிகளும் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். எனக்குத் தெரிந்தது கல்யாண நாளுக்கு நான் பேசிய இந்த ஒரு பேச்சும், அதற்கப்புறம் மற்றவர்களுக்கு உட்கார்ந்து எழுதிக் கொடுத்த ஏழெட்டுப் பேச்சும்தான்.

"எவ்வளவு நேரம் பேசலாம்? எங்க அண்ணி பத்து நிமிஷம் பேசுன்றாங்க."

மூன்றிலிருந்து நான்கு நிமிஷம். அண்ணி உங்கள் மேல் பாசத்தில் சொல்கிறார், கேட்க வேண்டாம். வீட்டில் வாய்க்குள் படித்துப் பார்த்து நேரம் கணக்குப் போட்டால் தப்பாகும். எழுந்து நின்று, எதிரே ஐம்பது பேர் இருப்பதாக நினைத்துக்கொண்டு, போனில் கடிகாரத்தை ஓடவிட்டுச் சத்தமாகப் படியுங்கள். என் பேச்சு வீட்டில் மூன்று நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. ஹாலில் சிரிப்பு, கைதட்டல், நடுவில் ஒரு குழந்தை மேடையேறியது எல்லாம் சேர்ந்து மூணே முக்கால் ஆனது.

நேரத்தைத் தின்பது பெரும்பாலும் கதை அல்ல, வரவேற்புப் பட்டியல்தான். "பெரியப்பா அவர்களே, தாய்மாமா அவர்களே, வட்டத் தலைவர் அவர்களே" என்று ஆரம்பித்தால் ஒன்றரை நிமிஷம் போய்விடும், யாராவது ஒருவர் விட்டும் போவார். அதை மைக் பிடித்திருக்கும் மாமாவிடமே விட்டுவிடுங்கள். மகள் "எல்லாருக்கும் வணக்கம்" என்றால் போதும்.

"டோஸ்ட்னு சொல்றாங்க. எங்க வீட்ல கிளாஸ் தூக்கற வழக்கமே இல்லையே, பெரியவங்க தப்பா நினைக்க மாட்டாங்களா?"

பெரம்பூர், ராயபுரம் பக்கத்து ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் விசேஷத்துக்குப் போயிருந்தால் பார்த்திருப்பீர்கள். கேக் வெட்டியதும் ஒருவர் இரண்டு நிமிஷம் பேசிவிட்டுக் கிளாஸை உயர்த்துவார், எல்லாரும் கூடவே உயர்த்துவார்கள். அது அவர்கள் வீட்டில் இயல்பாக வருகிறது. நம் வீட்டில் திடீரென்று ஒயின் கிளாஸில் ஜூஸை ஊற்றிக் கொடுத்தால் பெரியம்மாக்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

ஆனால் கடைசியில் எல்லாரும் சேர்ந்து ஒரு காரியம் செய்வது என்ற யோசனை நல்லது. பேச்சு முடிந்துவிட்டதா இல்லையா என்று யாருக்கும் சந்தேகம் வராது. கையில் என்ன இருக்கிறதோ அதைத் தூக்கச் சொல்லுங்கள்: ரோஸ் மில்க், காபி, பேப்பர் கப்பில் பன்னீர் சோடா. நான் ஒரு புது எவர்சில்வர் சொம்பில் பன்னீர் சோடா ஊற்றி எடுத்துப் போனேன். ஏன் சொம்பு என்பது கீழே வரும்.

"அறுபதாம் கல்யாணமும் இதுவும் ஒண்ணுதானே? அதே மாதிரி பேசிடலாமா?"

இல்லை. அறுபதாம் கல்யாணம் அப்பாவின் வயசுக்கு, கல்யாண நாள் இருவருடைய வருஷங்களுக்கு. அங்கே அய்யர், ஹோமம், மறுபடி தாலி என்று சடங்கே முன்னால் நிற்கும், பேச்சுக்கு இடமும் குறைவு. இங்கே அம்மாவும் பாதி மேடைக்குச் சொந்தக்காரி. அப்பாவை மட்டும் புகழ்ந்து முடித்துவிட்டு "அம்மாவும் உறுதுணையாக இருந்தார்" என்று ஒரு வரி சேர்க்கும் பேச்சுகளை இந்த இரண்டு வருஷத்தில் திருத்தியிருக்கிறேன்.

"நாப்பது வருஷத்துல எதை எடுக்கறது? எல்லாமே ஞாபகம் வருது, எதுவுமே பேச்சா வர மாட்டேங்குது."

ஒன்றே ஒன்றை எடுங்கள். மூன்று நினைவு சொன்னால் மூன்றும் பட்டியலாகிவிடும். எது என்று தேர்ந்தெடுக்க நான் பார்த்தது இதைத்தான்: அந்தக் காட்சியில் அப்பா அம்மா இரண்டு பேரும் இருக்கிறார்களா? நான் அதைக் கண்ணால் பார்த்தேனா, இல்லை யாரோ சொல்லிக் கேட்டதா? அதில் கையால் தொடக்கூடிய, எண்ணக்கூடிய ஒரு பொருள் இருக்கிறதா? அப்புறம், ஹாலில் உட்கார்ந்திருக்கும் யாருக்காவது அது முகம் சுண்ட வைக்குமா?

என்னிடம் மூன்று இருந்தன. முதலாவது, என் காலேஜ் பீஸ் கட்ட அம்மா செயினை அடகு வைத்தது. கண்ணீர் நிச்சயம். ஆனால் அந்தச் சமயத்தில் கேட்டும் கொடுக்காத இரண்டு பேர் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். அதோடு, அதில் அப்பா எங்கும் இல்லை. அவருக்கு அது மூன்று மாசம் கழித்துத்தான் தெரியும். விட்டேன்.

இரண்டாவது, திருத்தணிக்குப் போன இடத்தில் அப்பா வேறு பஸ்ஸில் ஏறிப் போய்விட்டது. சிரிப்பு வரும். ஆனால் அந்தக் கதையிலிருந்து இவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று ஒன்றும் தெரியாது. யாருடைய அப்பாவும் வேறு பஸ்ஸில் ஏறலாம்.

மூன்றாவது, 2004 கோடையில் கதவுக்குப் பின்னால் இருந்த ஒரு குடம் தண்ணீர். அதை முதலில் நான் ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை. ஒரு நாள் துணி காயப்போடும்போது மனசுக்குள் "ஏழு" என்ற எண் மட்டும் வந்தது. எதை எண்ணினேன் என்று யோசித்தபோது முழுக் காட்சியும் வந்துவிட்டது. இரண்டு பேரும் இருந்தார்கள். நான் பார்த்திருந்தேன், இன்னும் சரியாகச் சொன்னால் கேட்டிருந்தேன். எண்ணுவதற்கு ஒரு பொருள் இருந்தது. யாருக்கும் தலைகுனிவு இல்லை. எடுத்துவிட்டேன்.

உங்களுக்கும் பெரிய சம்பவங்களைத் தேடும்போது வராது. வீட்டில் அப்போது இருந்த சாமான்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பாருங்கள்: ஸ்டவ், சைக்கிள், டிபன் பாக்ஸ், பாய். ஏதாவது ஒன்றில் அவர்கள் இரண்டு பேரின் கையும் பட்டிருக்கும்.

"எனக்கு ஞாபகம் இருக்கறதும் அவங்க சொல்றதும் வேற வேறயா இருந்தா? கேட்டா முன்னாடியே தெரிஞ்சிடுமே?"

கதையைக் கேட்காதீர்கள், அதைச் சுற்றி இருப்பதைக் கேளுங்கள். அம்மா காசிமேட்டிலிருந்து வாங்கி வந்த நெத்திலியை ஆய்ந்துகொண்டிருந்தபோது நானும் உட்கார்ந்துகொண்டு, "அந்தத் தண்ணிப் பஞ்சத்துல லாரி எத்தனை மணிக்கு வரும்?" என்று மட்டும் கேட்டேன். லாரி சாயந்திரம் வரும், வீட்டுக்கு ஆறு குடம், ஒரு தடவை யார் குடம் என்று சண்டை வந்ததால் எங்கள் குடங்களின் கழுத்தில் சிவப்பு ரிப்பன் கட்டியது, எல்லாம் தானாக வந்தது. ரிப்பன் எனக்குச் சுத்தமாக மறந்திருந்தது.

நான் 2003 என்று நினைத்திருந்தேன். "நீ எட்டாவது முடிச்ச பெரிய லீவு" என்றார் அம்மா. அப்போதுதான் 2004 என்று உறுதியானது. வீராணம் ஏரித் தண்ணீர் சென்னைக்கு வந்ததும் அந்த வருஷம்தான், அது கோடைக்கெல்லாம் அப்புறம். வருஷம் தப்பானால் ஹாலில் ஒரு மாமா சும்மா இருக்க மாட்டார், பேச்சின் நடுவிலேயே திருத்துவார்.

காட்சியின் நடுப்பகுதியை மட்டும் யாரிடமும் கேட்காமல் உங்கள் ஞாபகப்படியே சொல்லுங்கள். அது நீங்கள் பார்த்தது.

"முழுசா எழுதினதைக் காட்டுங்களேன்."

பேசியபடியே கொடுக்கிறேன். எழுதும்போதே பேச்சு வழக்கில்தான் எழுதினேன். எழுத்துத் தமிழில் எழுதிவைத்து மேடையில் மாற்றிப் பேசலாம் என்றால் நாக்கு குளறும்.

*எல்லாருக்கும் வணக்கம். பந்தி போட இன்னும் பத்து நிமிஷம் இருக்கு, அதுக்குள்ள முடிச்சிடறேன்.*

*2004, கோடை. புழல் ஏரி காஞ்சு போய், குழாயத் தொறந்தா காத்து வந்த வருஷம். நாங்க அப்போ ஒரு ஸ்டோர் வீட்ல, ஆறு குடித்தனத்துல ஒண்ணு. பின்னாடி ஒரு அடி பம்பு. அதுல வர்றது உப்புத் தண்ணி. சோப்பு போட்டா நுரைக்காது, திரிஞ்ச பால் மாதிரி உடம்புல ஒட்டிக்கும். நல்ல தண்ணி லாரியிலதான் வரும். வீட்டுக்கு ஆறு குடம்.*

*நைனா அப்போ ஹார்பர்ல கரி லாரி ஓட்டினாரு. ராத்திரி ரெண்டு மணிக்கு வருவாரு. வந்தா கண்ணும் பல்லும்தான் தெரியும். அந்தக் கரி உப்புத் தண்ணியில போவாது. அதனால அம்மா ஆறு குடத்துல ஒரு குடத்த எடுத்து, கதவுக்குப் பின்னாடி வெச்சு, தட்டு போட்டு மூடிடுவாங்க. நைனா குளிக்கறதுக்கு. நான் தாகம்னு கேட்டாக்கூட அந்தக் குடத்துலேர்ந்து கெடைக்காது.*

*என் பாய் ஜன்னலோரம். ஜன்னலுக்கு அந்தாண்ட துவைக்கிற கல்லு. அங்கதான் நைனா குளிப்பாரு. நாங்க முழிச்சிடக் கூடாதுன்னு சத்தம் வராம, தோள்ல சொம்ப ஒட்டி வெச்சு ஊத்திப்பாரு. எனக்குக் கேக்கும். ஒண்ணு. ரெண்டு. மூணு. ஏழு வரைக்கும் எண்ணுவேன். ஏழோட நின்னுடும். கொடத்துல பாதி அப்படியே இருக்கும். அதத் தூக்கிட்டு வந்து, அதே எடத்துல வெச்சு, அதே தட்ட மூடிட்டுப் படுப்பாரு.*

*ஒரு நாள் கேட்டேன், ஏன் நைனா முழுசா ஊத்திக்க மாட்டேன்றன்னு. "குளுருது"ன்னாரு. மே மாசம். ராயபுரம்.*

*காலைல அம்மா தட்டத் தூக்கிப் பாப்பாங்க. ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அந்தப் பாதிக் கொடத்துலதான் அன்னிக்கு உலை வெப்பாங்க. சாயந்திரம் லாரி வந்ததும் மறுபடியும் அதே கொடம், கழுத்து வரைக்கும். அம்மா ரொப்பி வெக்கறதும் நைனா மிச்சம் புடிக்கறதும் மழை வர்ற வரைக்கும் நடந்துச்சு. ரெண்டு பேரும் இதப் பத்தி ஒரு வார்த்தை பேசி நான் கேக்கல.*

*இப்போ நம்ம வீட்ல குழாயத் தொறந்தா தண்ணி வருது. இந்தச் சொம்புல இருக்கறது பன்னீர் சோடா. எல்லாரும் உங்க கையில இருக்கறதக் கொஞ்சம் தூக்குங்க. நைனா, இது எட்டாவது சொம்பு. முழுசா குடிச்சிடு. அம்மா பாத்துட்டு இருக்காங்க.*

"இதுக்கு முன்னாடி எழுதினதுல எதை வெட்டினீங்க?"

முதல் தாளில் ஆரம்பமே "நாற்பது வருடங்கள் என்பது சாதாரணமல்ல" என்று இருந்தது. யார் வீட்டுக் கல்யாண நாளிலும் சொல்லலாம், கடைக்காரர் அச்சடித்த பேனரிலும் கிட்டத்தட்ட அதுதான் இருந்தது. அடித்துவிட்டு நேராக "2004, கோடை" என்று ஆரம்பித்தேன்.

குடத்தை மூடிவைத்துவிட்டுப் படுக்கும் இடத்துக்கு அடுத்து "இதைவிடப் பெரிய காதல் எது?" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். என் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டியபோது, அதுவரை சுவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தவர் அந்த வரியில் போனை எடுத்துவிட்டார். அவருக்குத் தெரிந்தே இருந்தது, நான் திரும்பச் சொல்கிறேன். அந்த வரி போனது. உங்கள் பேச்சிலும் கதைக்கு அடுத்த வரியைப் பாருங்கள், அனேகமாக அதுதான் வேண்டாத வரி.

வெட்டியது மட்டும் இல்லை, ஒன்றைச் சேர்த்தேன். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது என்பது முதல் தாளில் இல்லை, எனக்கு அது சொல்லவே வேண்டாத விஷயம். ஆனால் ஹாலில் பாதிப் பேர் இருபது, இருபத்தைந்து வயசுப் பிள்ளைகள். ராயபுரத்தில் கடல் பக்கம் நிலத்தடி நீர் உப்பு, அதில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து சோப்போடு சேர்ந்து நுரைக்குப் பதில் பிசுக்காகிவிடும் என்பது அவர்களுக்குத் தெரியாது. அது தெரியாவிட்டால், "பம்புத் தண்ணியில குளிக்க வேண்டியதுதானே?" என்று தோன்றும், கதை அங்கேயே விழுந்துவிடும். கரியும் அப்படித்தான். 2011-ல் ஐகோர்ட் உத்தரவுக்கு அப்புறம் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாள்வது நின்றது. அதற்கு முன்னால் எங்கள் பக்கம் கொடியில் காயும் வெள்ளைத் துணி சாயந்திரத்துக்குள் சாம்பல் நிறமாகிவிடும். "கண்ணும் பல்லும்தான் தெரியும்" என்ற ஒரு வரியில் அதைச் சொல்லிவிட்டேன். வரலாறு சொல்ல உட்காரவில்லை.

"நல்ல தமிழ்ல பேசணுமா, நம்ம பேச்சுலயே பேசலாமா? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எல்லாம் வருவாங்க."

நீங்கள் அப்பாவை வீட்டில் எப்படிக் கூப்பிடுகிறீர்களோ அப்படியே கூப்பிடுங்கள். எங்கள் வீட்டில் நைனா. மேடையில் "என் தந்தையார்" என்று சொல்லியிருந்தால் அவரே யாரைச் சொல்கிறாள் என்று திரும்பிப் பார்த்திருப்பார். வீட்டில் நீ, வா, போ என்றால் அவரைப் பார்த்துப் பேசும் வரியிலும் அப்படித்தான். அவரைப் பற்றி மற்றவர்களிடம் சொல்லும்போது "வருவாரு, போவாரு" என்று மரியாதையும் இருக்கட்டும், அதுவும் நம் பேச்சுதான்.

ஒரு எச்சரிக்கை: வடசென்னைப் பேச்சை வேண்டுமென்றே தூக்கலாகப் பேசாதீர்கள். சினிமாவில் நம்மைக் காட்டுவது போல நாமே நம்மைக் காட்ட வேண்டாம்.

"அப்பா ஒரு காலத்துல குடிச்சாரு, வீட்ல சண்டைதான். அதை மறைச்சுப் பேசினா பொய்யா இருக்கு."

இந்தக் கேள்விக்கு என்னால் நீளமாகப் பதில் சொல்ல முடியாது, உங்கள் அம்மாவிடம்தான் முதலில் கேட்க வேண்டும். மூணு நிமிஷத்தில் அந்தக் கணக்கைத் தீர்க்கவும் முடியாது, அவரை மேடையில் நிற்க வைத்து மன்னிக்கவும் வேண்டாம். அதற்காக "என் அப்பா தெய்வம்" என்றும் சொல்ல வேண்டியதில்லை. பொய் இல்லாத ஒரு சின்னக் காட்சியை எடுங்கள். வியாசர்பாடியிலிருந்து ஒரு பெண் இதையே கேட்டாள். அவள் கடைசியில் எடுத்தது, அப்பா நிறுத்திய வருஷம் அம்மாவுக்குத் தையல் மிஷின் வாங்கித் தோளில் தூக்கி மாடியேறி வந்தது. அதற்கு முன் நடந்ததை ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரிந்தது.

"அண்ணனும் பேசறாரு. ரெண்டு பேரும் ஒரே கதையச் சொல்லிட்டா?"

முதல் நாளே போன் போட்டு "நீ எந்த வருஷம்?" என்று மட்டும் கேளுங்கள். கதையைப் பரிமாற வேண்டாம், வருஷம் வேறு என்றால் போதும். யார் கடைசியில் பேசுவது என்றும் அப்போதே பேசிவிடுங்கள். கிளாஸ் தூக்குவது கடைசிப் பேச்சில்தான்.

"ஹால்ல ஒரே சத்தமா இருக்கும், யாரு கேக்கப் போறாங்க?"

நேரம்தான் முக்கியம். இதற்கு முன் ஒரு சொந்தக்காரர் விசேஷத்தில் நான் பேச ஆரம்பித்த மறு நொடி சமையல்காரர் வந்து "மொத பந்தி ரெடி" என்று குரல் கொடுத்தார். பிரியாணி வாசனைக்கு முன்னால் யாரும் நிற்க முடியாது. பாதி ஹால் எழுந்துவிட்டது, நான் மிச்சமிருந்த நாற்காலிகளிடம் பேசி முடித்தேன். அந்த அனுபவத்தால்தான் எங்கள் வீட்டு விசேஷத்தில் சமையல் மாஸ்டரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தேன்: கேக் வெட்டியதும் என் பேச்சு, அது முடிந்து நான் கையைக் காட்டினால் பந்தி. பேச்சின் முதல் வரியிலும் பந்தியைச் சொன்னது அதற்காகத்தான். எப்போது சாப்பாடு என்று தெரிந்துவிட்டால் ஜனங்கள் நிம்மதியாக உட்காருவார்கள்.

அப்புறம் மைக். சின்ன ஹாலில் ஸ்பீக்கர் பெட்டிகளை மேடைக்கு இரண்டு பக்கமும் வைத்திருப்பார்கள். மைக்கோடு பெட்டிக்கு முன்னால் போனால், அதன் சத்தத்தையே மைக் மறுபடி வாங்கி 'கூ' என்று அலறும். பெட்டிகளுக்குப் பின்னால் நில்லுங்கள். மைக்கை வாயிலிருந்து நாலு விரல் தள்ளிப் பிடியுங்கள், தலையை உள்ளங்கையால் மூடாதீர்கள். போட்டோகிராபரிடம் மேடை வரிசையை நாலு நிமிஷம் நிறுத்தச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் பேசும்போது உங்கள் அப்பா அம்மா மொய்க் கவரோடு வருகிறவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

"நான் அழுதுடுவேன். உறுதியா தெரியும்."

எந்த இடத்தில் என்றும் உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஒத்திகையிலேயே தெரிந்துவிடும். எனக்கு "அதே தட்ட மூடிட்டுப் படுப்பாரு" என்ற இடம். அந்த வரிக்கு அடுத்தே சிரிப்பு வரும் வரியை வைத்தேன். "குளுருது" என்று சொன்னதும் ஹால் சிரித்தது, அந்தச் சத்தத்தில் நான் மூச்சு விட்டுக்கொண்டேன். வரிசை முதலில் வேறாக இருந்தது, இதற்காகவே மாற்றினேன்.

தாளைக் கையில் வைத்திருங்கள். போனைப் பார்த்துப் படித்தால், கண் கலங்கும்போது திரை அணைந்துவிடும், திறக்கும் விரலும் ஈரமாக இருக்கும். பெரிய எழுத்தில், ஒரு பக்கம் மட்டும் எழுதின இரண்டு தாள். அழுகை வந்தால் நிறுத்திவிட்டுத் தாளைப் பாருங்கள், அம்மாவைப் பார்க்காதீர்கள்.

"கடைசியில ஐ லவ் யூ அப்பா, ஐ லவ் யூ அம்மான்னு சொல்லணுமா? எங்க வீட்ல அந்த வார்த்தையே வராது."

வராது என்றால் சொல்ல வேண்டாம். வீட்டில் நீங்கள் அக்கறையாகப் பேசும்போது என்ன வாக்கியம் வருகிறது என்று கவனியுங்கள். எங்கள் வீட்டில் அது எப்போதும் ஒரு கட்டளை: சாப்பிடு, போய்ப் படு, மாத்திரை போட்டியா, ஸ்வெட்டர் எடுத்தியா. அதனால் என் கடைசி வரியும் கட்டளைதான், "முழுசா குடிச்சிடு." அம்மாவை அதில் சேர்ப்பது எப்படி என்று இரண்டு நாள் யோசித்தேன். அம்மாவுக்குத் தனியாக ஒரு வாழ்த்து எழுதினால் கதை முடிந்து மறுபடி ஆரம்பிக்கிற மாதிரி இருந்தது. நாற்பது வருஷமாக நைனா சாப்பிடுவதையும் மிச்சம் வைப்பதையும் பார்த்துக்கொண்டிருப்பது அம்மாதான். அதையே எழுதினேன்.

கதையில் வந்த பொருளைக் கடைசியில் ஒரு தடவை கொண்டுவந்தால் போதும், நடுவில் மூன்று இடத்தில் ஆட்டிக் காட்டினால் ஜாலவித்தை ஆகிவிடும். நான் சொம்பைக் கடைசிப் பத்தி வரை மேஜைக்கு அடியில் வைத்திருந்தேன்.

"பேசி முடிச்சதும் அவங்க என்ன சொன்னாங்க?"

மேடையில் ஒன்றும் சொல்லவில்லை. நைனா சொம்பை வாங்கி முழுக்கக் குடித்தார், குடித்துவிட்டுக் கவிழ்த்துக் காட்டினார். பந்தியில் அம்மா என் இலைக்கு இன்னொரு பீஸ் போடச் சொன்னார், அவ்வளவுதான்.

வீட்டுக்குப் போகும்போது ஆட்டோவில் அம்மாதான் முதலில் பேசினார். "அப்ப நீ அத்தினி நாளும் தூங்காமலாடி கெடந்த?"

நைனா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கல்மண்டபம் தாண்டியதும், "ஏழு இல்ல, ஆறு. ஏழாவது துண்ட அலசறதுக்கு" என்றார்.